விருந்துக்குப் பின் சர்க்கரை ஏறுகிறதா? நாடியையும் பாருங்கள்

1. இலை முன் அமர்வதற்கு முன் ஐந்து நிமிடம் ஓய்வாக உட்கார்ந்து, நாடித்துடிப்பையும் சர்க்கரை சென்சார் காட்டும் எண்ணையும் குறியுங்கள். பிறகு ஒப்பிட இதுதான் ஆதாரம்.

2. சாப்பிட்டபின் 30, 60, 120, 180ஆவது நிமிடங்களில் மறுபடி குறியுங்கள். பாயசம் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். பிரியாணியின் கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால், ஏற்றம் பிந்தி வந்து நெடுநேரம் நிற்கும்.

3. நாடி 74இலிருந்து 84 ஆனால் பதற வேண்டாம். செரிமானத்துக்குக் கூடுதல் ரத்தம் அனுப்ப இதயம் சற்று வேகமெடுக்கிறது. மாடி ஏறினாலும், காபி குடித்தாலும் நாடி கூடலாம். ஆகவே நாடியை வைத்துச் சர்க்கரையைக் கணிக்காதீர்கள்.

4. படபடப்போடு வியர்வையும் நடுக்கமும் வந்தால் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம்; உடனே விரலில் குத்திப் பாருங்கள். சென்சார் அளப்பது தோலடி நீரை. அது ரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கும். பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு, சர்க்கரை தாழ்ந்தாலும் நாடி ஏறாமல் போகலாம்.