கையெழுத்துப் போட்டவர் இறந்துவிட்டால்

அன்புள்ள தம்பிக்கு,

சிவில் பக்கம் வந்திருக்கிறாய். ஒருநாள் இப்படி ஒரு கட்சிக்காரர் வருவார். 60 சென்ட் நிலம், விலை 18 லட்சம், அட்வான்ஸ் 5 லட்சம். 2024 மார்ச் 10-இல் கிரைய ஒப்பந்தம், ஆறு மாதக் கெடு. ஜூலையில் நிலக்காரர் இறந்துவிட்டார். "அப்பா போட்ட கையெழுத்து எங்களைக் கட்டாது" என்கிறார் மகன்.

கட்டும். வாக்குக் கொடுத்தவர் இறந்தால் அது அவருடைய வாரிசுகளைக் கட்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு. 1963-ஆம் ஆண்டு குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, ஒப்பந்தத்துக்குப் பின் அவர் வழியாக உரிமை பெற்றவர்கள்மீதும் 'ஏற்றதை ஆற்றுக' வழக்கு போட விடுகிறது. விலை கொடுத்து, ஒப்பந்தம் இருப்பதே தெரியாமல் வாங்கியவருக்குத்தான் விலக்கு. வாரிசு விலை கொடுத்து வாங்கியவர் அல்ல. ஆனால் ஒப்பந்தத்தோடு சாதாரண பவர் பத்திரமும் வாங்கியிருந்தால், அது நிலக்காரரோடு போயிற்று. அதைக் காட்டிக் கிரையம் பதிய யாரையும் விடாதே.

அடுத்து, யாரெல்லாம் பிரதிவாதி? தாசில்தார் தந்த வாரிசுச் சான்றிதழை வாங்கிப் பார். இறந்தவர் இந்து, உயில் எழுதவில்லை என்றால் மனைவி, மகன், மகள்களோடு அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசு. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கிழவியைத்தான் எல்லோரும் மறப்பார்கள். அவரை விட்டுவிட்டுப் பெற்ற தீர்ப்பால் அவர் பங்கு உன் கட்சிக்காரருக்கு வராது.

இந்த வழக்குகள் பெரும்பாலும் தோற்பது சட்டத்தால் அல்ல, வாங்குபவரின் அசட்டையால். துக்க வீட்டில் பணப் பேச்சு வேண்டாமென்று ஒதுங்குவார். மனிதராக அது சரிதான். ஆனால் சாவுக்காகக் கெடு நிற்பதில்லை. இங்கே கெடு தேதி செப்டம்பர் 10. அதிலிருந்து மூன்றாண்டுக்குள் வழக்கு. அதற்காக மூன்றாண்டும் சும்மா இருந்துவிட்டு வந்தால், "உண்மையிலேயே வாங்கத் தயாராக இருந்தீர்களா?" என்று நீதிபதி கேட்பார். கெடுவுக்குள்ளேயே எல்லா வாரிசுகளுக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். பாக்கி 13 லட்சத்தைத் திரட்ட வழி இருந்ததை பாஸ்புக்கோ கடன் அனுமதிக் கடிதமோ காட்ட வேண்டும். அந்தத் தாள்கள்தான் குறுக்கு விசாரணையில் அவரைக் காப்பாற்றும். தீர்ப்பு வந்தும் வாரிசுகள் கையெழுத்திட மறுத்தால், அவர்கள் சார்பில் நீதிமன்றமே பத்திரத்தை எழுதிக் கொடுக்கும்.

ஒப்பந்தம் பதியப்படவில்லையே என்று எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கலாம். தமிழ்நாட்டில் 2012 முதல் பதிவு கட்டாயம்தான். ஆனாலும் இவ்வகை வழக்கில் பதியாத ஒப்பந்தத்தையும் சான்றாக ஏற்கலாமென 2023-இல் ஹேமலதா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மகன் சொல்ல வேண்டிய உண்மையான பதில் வேறு: "இது பூர்வீகச் சொத்து, என் பங்கு பிறப்பிலேயே எனக்கு." குடும்பத்தின் அவசியத் தேவைக்காகக் குடும்பத் தலைவர் என்ற முறையில் தந்தை விற்க ஒப்புக்கொண்டார் என்று காட்ட முடியாவிட்டால், மகனின் பங்கை அந்தக் கையெழுத்து தொடாது. ஆகவே பிராது எழுதுமுன் மூலப்பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் படி. எதற்கும், அட்வான்ஸை வட்டியோடு திருப்பித் தரும் மாற்றுப் பரிகாரத்தையும் பிராதிலேயே கேட்டுவிடு.

அன்புடன்,
உன் சீனியர்