காப்பீடு எடுக்குமுன் போட வேண்டிய கணக்கு

தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர் பக்கம் வங்கிக் கடனில் வீடு வாங்கிய குடும்பங்களுக்கு, ஒரு காப்பீட்டு ஆலோசகராக நான் சொல்வது இதுதான்: "எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?" என்று கேட்காதீர்கள். "சம்பாதிப்பவர் இல்லாவிட்டால் எவ்வளவு தேவை?" என்று கேளுங்கள்.

• கணக்கு: தவணை போக மாதச் செலவு 25,000 ரூபாய் என்றால், பத்து ஆண்டுக்கு 30 லட்சம். வீட்டுக்கடன் பாக்கி 25 லட்சம். கையிருப்பு 5 லட்சம் போக, தேவை 50 லட்சம். கடனுக்குத் தனிக் காப்பீடு இருந்தால் அதையும் கழியுங்கள்.

• பாலிசி: ஆயுள் பாதுகாப்பை மட்டும் தரும் டேர்ம் பாலிசியை முதலில் பாருங்கள். காலம் முடிந்தால் பணம் திரும்பாது. அதனால்தான் பிரீமியம் குறைவு. சேமிப்பு கலந்த பாலிசியில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் கட்டினாலும், காப்புத்தொகை பெரும்பாலும் 5 லட்சத்தை ஒட்டியே இருக்கும்.

• விளக்கத் தாள்: சேமிப்பு கலந்த பாலிசிக்குத் தரும் இந்தத் தாளில் 4%, 8% வளர்ச்சி என்று காட்டும் தொகைகள் அனுமானங்களே, உறுதியல்ல.

• விண்ணப்பம்: சர்க்கரை, புகைப்பழக்கம் எதையும் மறைக்காதீர்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வேண்டாம்.

• மனம் மாறினால்: பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பித் தரலாம். மருத்துவப் பரிசோதனை, முத்திரைக் கட்டணம் போன்ற சிறு பிடித்தம் போக மீதி வந்துவிடும்.

"இன்றே கடைசி நாள்" என்று யார் அவசரப்படுத்தினாலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஏமாற்றி விற்றிருந்தால், முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். தீராவிட்டால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 எண்ணை அழையுங்கள்.