இரட்டிப்போடு ஒன்று

நுழையும்முன்

ஒரு வரிசையில் சில எண்களைக் கண்டதும் அதன் அமைப்பு நமக்குப் புலப்பட்டுவிடுவதுண்டு. அவ்வாறு புலப்பட்டது உண்மையா, வெறும் தோற்றமா என்பதை எவ்வாறு அறிவது? ஒரு விளையாட்டுப் பொருளின் வழியாக இவ்வினாவுக்கு விடை காண்கிறது இப்பாடம்.

மூன்று தண்டுகளும் சில வட்டுகளும்

பிரெஞ்சுக் கணித அறிஞர் எட்வார்டு லூக்காஸ் 1883ஆம் ஆண்டில் ‘ஹனோய் கோபுரம்’ என்னும் புதிர் விளையாட்டை உருவாக்கினார். ஒரு பலகையில் மூன்று தண்டுகள் நிற்கும். முதல் தண்டில், பெரியது அடியிலும் சிறியது மேலுமாக வட்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். அவை அனைத்தையும் மூன்றாம் தண்டுக்கு மாற்ற வேண்டும். ஒருமுறைக்கு ஒரு வட்டையே நகர்த்தலாம். சிறிய வட்டின்மீது பெரிய வட்டை வைத்தல் கூடாது.

n வட்டுகளை மாற்றத் தேவையான மிகக் குறைந்த நகர்த்தல்களின் எண்ணிக்கையை aₙ என்க. அடியிலுள்ள பெரிய வட்டு நகர வேண்டுமாயின், அதன்மேலுள்ள n – 1 வட்டுகளும் நடுத்தண்டுக்குச் சென்றிருக்க வேண்டும். அதற்கு aₙ₋₁ நகர்த்தல்கள் தேவை. பெரிய வட்டை நகர்த்த ஒன்று. பின்னர், நடுத்தண்டில் உள்ளவற்றை அதன்மேல் கொண்டுவந்து சேர்க்க மீண்டும் aₙ₋₁. எனவே,

aₙ = 2aₙ₋₁ + 1, a₁ = 1

ஒவ்வோர் உறுப்பும் முந்தைய உறுப்பின் இருமடங்கோடு ஒன்று கூடியதாகும். இதன்படி 1, 3, 7, 15, 31 என வரிசை வளர்கிறது. ஆனால், அறுபத்து நான்காம் உறுப்பை அறிய, அதற்கு முந்தைய அறுபத்து மூன்றையும் கணக்கிட வேண்டுமா?

கண்ணுக்குத் தெரியும் அமைப்பு

ஒவ்வோர் உறுப்போடும் ஒன்றைக் கூட்டிப் பாருங்கள். 2, 4, 8, 16, 32 எனக் கிடைக்கும். இவை இரண்டின் அடுக்குகள். ஆகவே aₙ = 2ⁿ – 1 என்று கூறத் தோன்றும். எனினும், ஐந்து உறுப்புகள் ஒத்துவந்தமையால் ஆறாவதும் ஒத்துவரும் எனக் கொள்ளலாமா?

ஒரு வட்டத்தின் பரிதியில் புள்ளிகளைக் குறித்து, அவற்றை ஒன்றோடொன்று நேர்க்கோடுகளால் இணைப்போம். வட்டத்தினுள் எந்த மூன்று கோடுகளும் ஒரே புள்ளியில் சந்திக்காதவாறு அமைப்போம். ஒன்று முதல் ஐந்து வரையிலான புள்ளிகளுக்கு, வட்டம் முறையே 1, 2, 4, 8, 16 பகுதிகளாகப் பிரியும். ஆறு புள்ளிகளுக்கு 32 பகுதிகளை எதிர்பார்ப்போம், கிடைப்பவையோ 31! எனவே, கண்ணால் கண்ட அமைப்பு ஊகமே. அது நிறுவப்பட வேண்டும்.

ஊகத்தை நிறுவுதல்

bₙ = aₙ + 1 எனக் கொள்வோம்.

bₙ = (2aₙ₋₁ + 1) + 1 = 2(aₙ₋₁ + 1) = 2bₙ₋₁

கூட்டிய ஒன்று, விதியிலுள்ள ஒன்றோடு சேர்ந்து இரண்டானது. அதனால் இரண்டைப் பொதுக்காரணியாக வெளியே எடுக்க முடிந்தது. ஆகவே, b₁ = 2 எனத் தொடங்கும் bₙ, பொது விகிதம் 2 உடைய பெருக்குத் தொடர்முறை. எனவே bₙ = 2ⁿ; aₙ = 2ⁿ – 1. இது எல்லா n-க்கும் பொருந்தும்.

எட்டு வட்டுகளுக்கு 255 நகர்த்தல்கள் போதும். அறுபத்து நான்கு வட்டுகளுக்கோ, நொடிக்கு ஒன்றாக நகர்த்தினாலும் 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேலாகும்.

தொடக்கம் மாறினால்

விதி அதுவே, முதல் உறுப்பு மட்டும் 4 எனில்? வரிசை 4, 9, 19, 39 என்றாகும். 2ⁿ – 1 இதற்குப் பொருந்தாது. ஆனால், ஒன்றைக் கூட்டினால் 5, 10, 20, 40 எனப் பெருக்குத் தொடர்முறையே கிடைக்கிறது. எனவே பொது வாய்பாடு:

aₙ = (a₁ + 1) 2ⁿ⁻¹ – 1

ஏன் ஒன்றைக் கூட்டினோம்? இவ்விதிக்கு உட்பட்டும் மாறாத எண் எது என்று கேளுங்கள். x = 2x + 1 எனில் x = –1. வரிசை –1இல் தொடங்கினால் அங்கேயே நிற்கும். வேறெங்குத் தொடங்கினாலும், –1இலிருந்து அதன் தொலைவு ஒவ்வொரு படியிலும் இருமடங்காகும். aₙ + 1 என்பது அத்தொலைவைக் காட்டுவதே.

கற்பவை கற்றபின்...

1. மூன்று நாணயங்களை வட்டுகளாகக் கொண்டு, ஏழே நகர்த்தல்களில் புதிரை விடுவித்துக் காட்டுக.
2. aₙ = 2aₙ₋₁ + 3, a₁ = 1 எனில், விதிக்கு மாறாத எண்ணைக் கண்டறிந்து, aₙ-க்கான வாய்பாட்டைப் பெறுக.