288 நிறைகளா, 12 துண்டுகளா?
புள்ளிவிபரவியலாளருக்கு எழுதும் முதல் மின்னஞ்சல்

ஆய்வு செய்யத் தொடங்கும் ஒருவர் ஒரு கட்டத்தில் புள்ளிவிபரவியல் தெரிந்த ஒருவரின் உதவியை நாடுவார். நேரில் சந்திப்பதற்கு முன் ஒரு மின்னஞ்சல் அனுப்புவது வழக்கம். அந்த மின்னஞ்சல் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

“சேர், தேயிலைக்கு மூன்று வகைப் பசளை இட்டு 288 நிறைகள் எடுத்துள்ளேன். எந்தச் சோதனையைப் பயன்படுத்த வேண்டும்?”

இதற்கு எவராலும் பதில் சொல்ல முடியாது. 288 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதே இதில் இல்லை. மருத்துவரிடம் போய் நோயைச் சொல்லாமல் “எந்த மாத்திரை?” என்று கேட்பதைப் போன்றது இது. நமது ஊவாத் தேயிலை மலை ஒன்றை உதாரணமாக வைத்து, அந்த மின்னஞ்சலில் என்ன இருக்க வேண்டும், ஏன் இருக்க வேண்டும் என்று பார்ப்போம்.

தேயிலைக்கும் இந்தப் பாடத்துக்கும் பழைய உறவு உண்டு. பரிசோதனைகளைத் திட்டமிடும் முறையை வகுத்த ஆர். ஏ. ஃபிஷர் இங்கிலாந்தின் ரொதாம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் பணியாற்றியவர். அங்கே அவரோடு சேர்ந்து கட்டுரைகள் எழுதிய டி. ஈடன், பின்னர் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்தார். அவர் இங்கு செய்த ஆய்வு 1931இல் வெளியானது. ஒரே விதமாகப் பராமரிக்கப்பட்ட தேயிலை நிலத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் கொழுந்தையும் தனித்தனியாக நிறுத்துப் பார்த்தார். எந்தத் துண்டுக்கும் விசேடமாக எதுவும் செய்யாதபோதும் விளைச்சல் துண்டுக்குத் துண்டு வேறுபட்டது. ஆகவே, பசளை இட்ட துண்டில் கொழுந்து கூடியிருந்தால் அது பசளையால் வந்ததா, மண்ணால் வந்ததா என்று பிரித்தறியும் வழியைத் தொடக்கத்திலேயே அமைத்துக்கொள்ள வேண்டும்.

ஃபிஷர் 1938இல் கல்கத்தாவில் நடந்த புள்ளிவிபரவியல் மாநாட்டில் பேசியபோது, பரிசோதனை முடிந்த பிறகு புள்ளிவிபரவியலாளரிடம் வருவது மரண விசாரணைக்கு அழைப்பதைப் போன்றது என்ற கருத்தைச் சொன்னார். பரிசோதனை எதனால் இறந்தது என்று மட்டுமே அவரால் அப்போது சொல்ல முடியும்.

இனி நமது உதாரணம். பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஓர் இளம் ஆய்வாளர் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதும், அடுத்த ஆண்டு நாட்டின் தேயிலை உற்பத்தி ஏறக்குறைய 30 கோடி கிலோவிலிருந்து 25 கோடி கிலோவாகக் குறைந்ததும் நமக்கு நினைவிருக்கும். கொழுந்து குறைந்தால், கிலோக் கணக்கில் சம்பளம் பெறுபவரின் கையில் வரும் காசும் குறையும். ஆகவே, “கூட்டெருவை மட்டும் இட்டால் எவ்வளவு கொழுந்து குறையும்?” என்பது தோட்டத்துக்கு உண்மையாகவே தேவைப்படும் கேள்வி. அந்த ஆய்வாளர் எழுத வேண்டிய மின்னஞ்சலை நான் இப்படி எழுதிப் பார்த்தேன். இதிலுள்ள எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

“மதிப்பிற்குரிய மெடம்,

என் கேள்வி: வழக்கமான இரசாயனப் பசளைக்குப் பதிலாகக் கூட்டெருவை மட்டும் இட்டால், 24 வாரங்களில் பச்சைக் கொழுந்து எவ்வளவு குறையும்? நூற்றுக்குப் பத்துக்கு மேல் குறைந்தால் தோட்டம் இம்முறையை ஏற்காது.

அமைப்பு: சரிவான ஒரே மலையில், மேலிருந்து கீழாக நான்கு பட்டிகள் பிரித்தேன். ஒவ்வொரு பட்டியிலும் பக்கம் பக்கமாக மூன்று துண்டுகள். ஒரு துண்டில் 100 செடிகள். இரசாயனம், பாதிக்குப் பாதி, கூட்டெரு ஆகிய மூன்றில் எது எந்தத் துண்டுக்கு என்பதை ஒவ்வொரு பட்டிக்கும் தனித்தனியாகச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தேன். துண்டுகளுக்கு நடுவே நிறுக்காத இரண்டு நிரைகள் விட்டேன். மலையின் படத்தை இணைத்துள்ளேன்.

தரவு: 12 துண்டுகளையும் வாரம் ஒரு முறை, 24 வாரங்கள் நிறுத்தேன். மொத்தம் 288 வரிகள். ஒரு வாரம் தோட்டத்தில் வேலை நடக்கவில்லை. அந்த 12 இடங்களும் வெறுமையாக உள்ளன, பூச்சியம் அல்ல. மழையில் நனைந்த கொழுந்தை நிறுத்த நாட்களைக் குறித்து வைத்துள்ளேன். கொழுந்து எடுத்த மூன்று பேரும் வாராவாரம் துண்டு மாறி எடுத்தார்கள்.

சந்திப்பில் கேட்க விரும்புவது: 24 வார நிறைகளை எப்படிக் கையாள வேண்டும்? என் கேள்விக்கு இந்த அமைப்பு போதுமா?”

தரவுக் கோப்பின் முதல் வரிகளையும் கீழே ஒட்டி அனுப்பினால் நல்லது:

```
strip,plot,fert,week,kg
1,1,compost,1,0.9
1,2,chemical,1,1.1
1,3,half,1,1.0
```

இந்த மின்னஞ்சலை வாசிப்பவர் முதலில் தேடுவது, பசளை எதற்கு இடப்பட்டது என்பதையே. பசளை வாரத்துக்கு இடப்படவில்லை, துண்டுக்கு இடப்பட்டது. சீட்டுக் குலுக்கியதும் துண்டுகளுக்குத்தான். ஆகவே, பரிசோதனையின் அலகு துண்டு. ஒரு பிள்ளையை 24 தடவை தராசில் ஏற்றினாலும் நம்மிடம் 24 பிள்ளைகள் இல்லை. அதுபோல 288 நிறைகள் இருந்தாலும் நம்மிடம் இருப்பவை 12 துண்டுகளே. ஒரு பசளைக்கு நான்கு. 288ஐயும் தனித்தனிச் சாட்சிகள் போல் கணினிக்குக் கொடுத்தால் அது மறுக்காது. இல்லாத சாட்சிகளையும் எண்ணிக்கொண்டு, தற்செயலாக வந்த வித்தியாசத்தைக்கூட உறுதியானது என்று காட்டிவிடும். இந்தக் கேள்விக்கு எளிய வழி, ஒவ்வொரு துண்டின் வார நிறைகளையும் கூட்டி, துண்டுக்கு ஒரே எண்ணாக்குவது.

அடுத்தது பட்டிகள். மழை மேல்மண்ணைக் கீழே கொண்டுவருவதால், நமது மலையில் அடிவாரத்து மண் வளமானது என்று கொள்வோம். 24 வார மொத்தம் இப்படி வந்தது என்க. அடிவாரத்திலிருந்து மேலாக, இரசாயனம் இட்ட துண்டுகளில் 38, 34, 30, 25 கிலோ. கூட்டெரு இட்ட துண்டுகளில் 34, 31, 25, 23 கிலோ. சராசரி வித்தியாசம் 3.5 கிலோ.

பட்டிகள் இருப்பதைப் புள்ளிவிபரவியலாளருக்குச் சொல்லவில்லை என்றால், அவர் நான்கு எண்களை மற்ற நான்கோடு மொத்தமாக ஒப்பிடுவார். அப்போது 25க்கும் 38க்கும் இடையே பரந்து கிடக்கும் மலையின் வித்தியாசம் எல்லாம் பிழைக் கணக்கில் சேரும். வித்தியாசத்தின் நியமவழு ஏறக்குறைய 3.8 கிலோ வரும். 3.5 கிலோ அதற்குள் மூழ்கிவிடும். “வித்தியாசம் நிரூபிக்கப்படவில்லை” என்று முடிவு வரும்.

பட்டிகளைச் சொல்லியிருந்தால், ஒவ்வொரு பட்டிக்குள்ளும் கழித்துப் பார்ப்பார்: 4, 3, 5, 2. நான்கும் ஒரே பக்கம் சாய்கின்றன. மலையின் வித்தியாசம் கழிந்துபோய்விட்டது. இப்போது நியமவழு 0.65 கிலோ மட்டுமே. வித்தியாசம் அதைப் போல ஐந்து மடங்குக்கு மேல் இருப்பதால், நான்கு பட்டிகளே இருந்தாலும் அதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. அதே எட்டு எண்களிலிருந்து இரண்டு எதிரான முடிவுகள் வருகின்றன. இவற்றைப் பிரிப்பது மின்னஞ்சலில் “நான்கு பட்டிகள்” என்ற ஒரு வரி இருந்ததா இல்லையா என்பதே.

3.5 கிலோ என்பது 31.75 கிலோவில் நூற்றுக்குப் பதினொன்று. தோட்டம் பொறுக்கும் பத்தை இது சற்றே தாண்டுகிறது. ஆனால் நியமவழுவைச் சேர்த்துப் பார்த்தால் உண்மை பத்துக்குக் கீழேயும் இருக்கலாம். ஆகவே, “கூட்டெருவால் கொழுந்து குறைகிறது” என்று சொல்லலாம்; “பத்துக்கு மேல் குறைகிறது” என்று அடித்துச் சொல்ல முடியாது. எவ்வளவு வித்தியாசம் முக்கியம் என்று ஆய்வாளர் முதலிலேயே எழுதியதால்தான் இந்த இரண்டையும் பிரித்துப் பேச முடிகிறது.

மற்ற விபரங்களும் இப்படித்தான். வெறுமையான இடத்தைப் பூச்சியம் என்று படித்தால், வேலை நடக்காத வாரம் கொழுந்தே துளிர்க்காத வாரமாகிவிடும். நனைந்த கொழுந்தின் நிறையில் தண்ணீரும் சேரும். ஒருவரே எப்போதும் கூட்டெருத் துண்டில் கொழுந்து எடுத்திருந்தால், கையின் வேகம் எது, பசளையின் பலன் எது என்று பிரிக்க முடியாது. நடுவில் நிரைகள் விடாவிட்டால், ஒரு துண்டின் பசளை மழையோடு அடுத்த துண்டுக்கு இறங்கி வித்தியாசத்தைக் குறைத்துக் காட்டும்.

எந்தக் கணக்காலும் திருத்த முடியாத ஒன்றும் உண்டு. கூட்டெரு முழுவதையும் மலையுச்சியிலும் இரசாயனப் பசளை முழுவதையும் அடிவாரத்திலும் இட்டிருந்தால், பசளையும் மண்ணும் ஒன்றாகக் கட்டப்பட்டுவிடும். ஃபிஷர் சொன்ன மரண விசாரணை இதுதான். “எந்தத் துண்டுக்கு எது என்று எப்படித் தீர்மானித்தீர்கள்?” என்ற கேள்விக்கு மின்னஞ்சலில் பதில் இல்லாவிட்டால், சந்திப்பில் முதலில் கேட்கப்படுவது அதுவாகவே இருக்கும்.

நன்றாக அமைத்த பரிசோதனைக்கும் எல்லை உண்டு. இங்கே பார்த்தது ஒரே மலை, 24 வாரங்கள். பண்டாரவளையிலோ அப்புத்தளையிலோ இதே பதினொன்றுதான் வரும் என்று இதிலிருந்து சொல்ல முடியாது. அதற்குப் பல தோட்டங்களில் பட்டிகள் வேண்டும்.

இந்த மின்னஞ்சலை அனுப்பச் சரியான நாள், முதல் கூடை பசளை மலைக்குப் போவதற்கு முந்திய நாட்களில் ஒன்று. அப்போது தரவு என்ற பந்தியில் “எடுக்கப் போகும் நிறைகள்” என்று மட்டும் எழுத முடியும். அது போதும். நான்கு பட்டிகளை ஆறாக்குங்கள் என்று புள்ளிவிபரவியலாளர் சொன்னால், அன்றைக்கு அதைச் செய்ய இன்னும் சில குச்சிகளும் கொஞ்சம் கயிறும் இருந்தால் போதும்.