மூன்று வங்கி, ஒரே தாள்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகு, ஏலம் விற்கிற கடைக்கு இரண்டு மூன்று வங்கியில் கணக்கு இருப்பது சகஜம். ஒரு ஸ்டேட்மென்டில் பற்றும் வரவும் தனித்தனிப் பத்தி. இன்னொன்றில் ஒரே தொகை, பக்கத்தில் DR அல்லது CR. அப்படியே வெட்டி ஒட்டாதீர்கள்.

ஒவ்வொரு வங்கிக்கும் தனி எக்செல் தாளில் A முதல் E வரை தேதி, வங்கி, விவரம், தொகை, இருப்பு என்று தலைப்பிடுங்கள். வரவு கூட்டல், பற்று கழித்தல் குறியோடு ஒரே தொகைப் பத்தியில் வரட்டும். தேதிகளில் சில இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒதுங்கி நின்றால் உஷார்: 03/04 என்ற ஏப்ரல் 3, மார்ச் 4 ஆகியிருக்கலாம்.

ஒவ்வொரு வங்கியையும் பழைய தேதி மேலே வர அடுக்கி, F3-இல் இதை இட்டுக் கீழே இழுங்கள்:

```
=ROUND(E2+D3-E3,2)
```

எல்லா வரியிலும் 0 வர வேண்டும். இருப்பு 84,200; ஏலத்துக்குக் கொடுத்தது 18,500; மீதி 65,700. இந்த வரியில் 0-க்குப் பதில் 37,000 வந்தால், அது 18,500-இன் இரு மடங்கு. கழித்தல் குறி விட்டுப்போயிருக்கிறது. வேறு தொகை வந்தால் பெரும்பாலும் ஒரு வரியே விடுபட்டிருக்கும். இதைச் சரிபார்த்த பிறகே மூன்றையும் ஒரே தாளில் சேருங்கள். சேர்த்த பின் இந்தச் சோதனை வேலைக்கு ஆகாது.