காய்ச்சலில் குளிர் நடுக்கம் ஏன்?

நோயாளியின் நெற்றி சுடத் தொடங்கும் வேளையில், அவரோ "குளிர்கிறது, போர்வை கொடுங்கள்" என்று நடுங்குகிறார். உடனிருப்போரைக் குழப்பும் இந்த முரணுக்கு, உடல் தன் வெப்பத்தைக் காத்துக்கொள்ளும் முறையே விடையாகும்.

மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ், உடலின் உள்வெப்பத்தை ஏறத்தாழ 98.6 டிகிரி பாரன்ஹீட் என்னும் இலக்கில் நிறுத்துகிறது. வெப்பம் அதனினும் மிகுந்தால் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து, உள்ளிருக்கும் சூட்டை மேற்பரப்புக்குக் கொண்டுவருகின்றன. வியர்வை ஆவியாகும்போது அச்சூட்டை எடுத்துச் செல்கிறது. வெப்பம் குறைந்தாலோ, அக்குழாய்கள் சுருங்கிச் சூட்டை உள்ளேயே தேக்குகின்றன. தசைகள் நடுங்கிப் புதிய வெப்பத்தை உண்டாக்குகின்றன. புறச்சூழல் மாறினும் அகநிலை பெரிதும் மாறாதிருக்கும் இவ்வியல்பே உடல் சமநிலை எனப்படும்.

கிருமித் தொற்றின்போது நோய் எதிர்ப்பு அணுக்கள் வெளியிடும் பொருள்களால் மூளையில் புரோஸ்டாகிளாண்டின் பெருகி, இலக்கையே உயர்த்திவிடுகிறது. மாலை நான்கு மணிக்கு ஒருவரின் வெப்பம் 99 டிகிரி என்றும், இலக்கு 103-க்கு ஏறிவிட்டது என்றும் கொள்வோம். மூளையின் கணக்கில் அவர் உடலில் 4 டிகிரி குறைகிறது. ஆகவே கைகால்கள் சில்லிடுகின்றன, நடுக்கம் எழுகிறது. வெப்பம் 103-ஐ எட்டியதும் நடுக்கம் நின்று, உடல் அனலாகிறது. பாராசிட்டமால் புரோஸ்டாகிளாண்டினைக் குறைத்து இலக்கைக் கீழிறக்குகிறது. இப்போது அதே உடலில் வெப்பம் மிகை. எனவே தோல் சிவந்து வியர்க்கிறது.

நடுங்கும் வேளையில் குளிர்நீரோ பனிக்கட்டியோ வேண்டா. தோல் குளிர்ந்தால் நடுக்கம் மிகும். மெல்லிய போர்வை போதும். வியர்க்கும்போது அதை அகற்றி, ஈர உடையை மாற்றி, மருத்துவர் தடைசெய்யாவிடின் பருக நீர் கொடுங்கள். நரம்பு வழியாக மருந்தோ இரத்தமோ ஏறும்போது நடுக்கம் கண்டால் உடனே செவிலியரிடம் தெரிவியுங்கள்.

வெயில் தாக்கம் இதனின் வேறானது. அங்கே இலக்கு உயர்வதில்லை. வெப்பத்தை வெளியேற்ற இயலாமல் உடல் தோற்றுப்போகிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுகிறது. வழியும் வியர்வையால் உடல் குளிர்வதில்லை. இலக்கு மாறாததால் பாராசிட்டமால் இங்குப் பயன்படாது. வெயிலிலோ புழுக்கத்திலோ இருந்தவருக்கு உடல் கொதித்து, பேச்சுக் குழறினாலோ, வலிப்பு வந்தாலோ, நினைவு தப்பினாலோ அதுவே அபாய அறிகுறி. தோல் ஈரமாக இருக்கிறதே என்று அமைதி கொள்ளலாகாது. 108-ஐ அழைத்துவிட்டு, நிழலில் கிடத்தி, உடலெங்கும் நீர் ஊற்றி விசிறுங்கள். நினைவற்றவர் வாயில் எதையும் புகட்டாதீர்கள்.