எண்ணூர் சாலை டீசல் பாயிண்ட் முதல் தீபாவளி கிஃப்ட் கார்டு வரை: வாடிக்கையாளருக்குத் தர வேண்டியதைத் தணிக்கை செய்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் போகும் சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கன்டெய்னர் டிரெய்லர்களில் பலவற்றின் டிரைவர் கையில் ஒரு எரிபொருள் கார்டு இருக்கும். இந்தியன் ஆயிலின் எக்ஸ்ட்ராபவர், பாரத் பெட்ரோலியத்தின் ஸ்மார்ட்ஃப்ளீட், ஹிந்துஸ்தான் பெட்ரோலியத்தின் டிரைவ்டிராக் பிளஸ் என்று ஆளுக்கொன்று. டீசல் போடப் போட பாயிண்ட் சேரும். சேர்ந்த பாயிண்டைப் பின்னால் எரிபொருளாகவோ பொருளாகவோ மாற்றிக்கொள்ளலாம்.

இன்று வாங்கிய பணத்தில் ஒரு பகுதிக்கான சரக்கை நிறுவனம் இன்னும் கொடுக்கவில்லை என்பதுதான் அந்தப் பாயிண்டின் பொருள். அதனால் அந்தப் பகுதி இந்த ஆண்டு வருமானம் ஆகாது. பொறுப்பாகப் பேலன்ஸ் ஷீட்டில் நிற்க வேண்டும். ஆனால் எல்லாப் பாயிண்டும் திரும்பி வருவதில்லை. வராமலே போகும் பங்கைப் பிரேக்கேஜ் என்கிறோம். அதை மதிப்பிடுவதில்தான் தவறு அதிகம் நடக்கிறது. இந்த வேலையை முதன்முதலாகக் கையில் எடுக்கும் ஆர்ட்டிகிள் மாணவருக்காக இந்த வழிகாட்டி.

## படி 1: கடன் யாருடையது என்று பாருங்கள்

முதலில் திட்டத்தின் விதிமுறைகளை முழுதாகப் படியுங்கள். எவ்வளவு வாங்கினால் எத்தனை பாயிண்ட், ஒரு பாயிண்டுக்கு என்ன கிடைக்கும், எப்போது காலாவதி ஆகும், விதியை மாற்றும் உரிமை யாருக்கு என்ற நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பாயிண்டைத் தர வேண்டியவர் யார் என்று உறுதி செய்யுங்கள். பங்க் நடத்தும் டீலரிடம்தான் டிரைவர் டீசல் போடுகிறார். ஆனால் திட்டத்தை நடத்துவது எண்ணெய் நிறுவனம் என்றால் கடனும் அதன் தலையில்தான். டீலரின் கணக்கில் அது வராது. பங்க் சொந்தமாக ஒரு பரிசுத் திட்டம் வைத்திருந்தால் அது வேறு, டீலரின் பொறுப்பு.

எந்தக் கணக்கியல் விதி பொருந்தும் என்பதும் இங்கேயே முடிவாக வேண்டும். பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கும், 250 கோடி ரூபாய்க்குக் குறையாத நிகர மதிப்புள்ள நிறுவனங்களுக்கும் பொதுவாக இந்திய கணக்கியல் தரநிலை 115 பொருந்தும். 2018 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. விற்ற விலையைச் சரக்குக்கும் பாயிண்டுக்கும் பிரித்துப் போடச் சொல்வது அந்தத் தரநிலைதான். இந்தியன் ஆயிலின் கணக்குக் கொள்கையும் இந்த வழியில்தான் போகிறது. பாயிண்டுக்குரிய தொகையை விற்பனை வருமானத்திலிருந்து குறைப்பதாகவும், பாயிண்டின் விலையைக் கணிக்கும்போது வாடிக்கையாளர் அதைப் பயன்படுத்தும் வாய்ப்பையும் கணக்கில் எடுப்பதாகவும் அது சொல்கிறது. பழைய தரநிலைகளைப் பின்பற்றும் சிறு நிறுவனங்களில் வருமானத்தைப் பிரிக்காமல், பாயிண்டைத் தீர்க்க ஆகும் செலவுக்கு ஒதுக்கீடு வைப்பது வழக்கம்.

## படி 2: ரூபாயைத் தொடும் முன் பாயிண்டை எண்ணுங்கள்

ஆண்டுத் தொடக்க இருப்பு, கூட்டல் வழங்கியது, கழித்தல் பயன்படுத்தியது, கழித்தல் காலாவதியானது. இதுதான் ஆண்டு இறுதி இருப்பு. கார்டு சர்வரிலிருந்து வரும் அறிக்கையில் இந்த நான்கும் ஒத்துப்போக வேண்டும்.

பிறகு இரண்டு திசையிலும் சோதியுங்கள். சில டீசல் பில்களை எடுத்து, அவற்றுக்கான பாயிண்ட் சர்வரில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். விடுபட்டவை இதில் தெரியும். பிறகு சர்வரில் உள்ள சில பாயிண்ட் பதிவுகளை எடுத்து, அவற்றுக்குப் பில் இருக்கிறதா என்று பாருங்கள். போலிகள் இதில் தெரியும்.

பங்கில் கவனிக்க வேண்டிய ஒரு தில்லுமுல்லு உண்டு. கார்டு இல்லாமல் ரொக்கம் கொடுத்து டீசல் போடுபவரின் பில்லுக்கு ஊழியர் தன் கார்டைத் தேய்த்துப் பாயிண்டைச் சேர்த்துக்கொள்வார். கார்டு வாரியாகப் பட்டியல் போட்டால் இது மாட்டும். ஒரு லாரி டேங்க் கொள்ளும் அளவுக்கு மேல் ஒரே நாளில் நிரம்பியிருக்கும். ஒரே பங்கில் ஒரு மணி நேரத்துக்குள் ஒரே கார்டு பல முறை தேய்க்கப்பட்டிருக்கும். அந்தப் பாயிண்ட் தவறான வழியில் வந்தது என்றாலும் ரத்து செய்யும் வரை அது கடன்தான். அதோடு, இப்படிச் சேர்ப்பவர் ஒரு பாயிண்டையும் மறக்க மாட்டார்.

## படி 3: பயன்படாத பங்கை மதிப்பிடுங்கள்

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். நிறுவனம் தரும் கணக்கு பெரும்பாலும் இப்படி இருக்கும்: ‘இந்த ஆண்டு 100 லட்சம் பாயிண்ட் வழங்கினோம், 50 லட்சம் பயன்பட்டது, ஆகவே பாதி வராது.’ இது தவறு. இந்த ஆண்டு பயன்பட்டதில் பெரும்பகுதி முந்தைய ஆண்டுகளில் சேர்ந்த பாயிண்ட். திட்டம் வளர்ந்துகொண்டிருந்தால் வழங்கல் முந்திப் போகும், பயன்பாடு பின்னால் வரும். அந்த இடைவெளியை மறதி என்று எடுத்துக்கொண்டால் பொறுப்பு குறைந்துவிடும், லாபம் கூடிவிடும்.

சரியான வழி, வழங்கிய ஆண்டு வாரியாகப் பின்தொடர்வது. காலாவதிக் காலம் 3 ஆண்டு என்றால், 3 ஆண்டும் முடிந்த ஒரு தொகுதியை எடுத்து, அதில் கடைசி வரை எத்தனை சதவீதம் பயன்பட்டது என்று பாருங்கள். அதுதான் நம்பத் தகுந்த விகிதம். போன ஆண்டுத் தொகுதியில் இதுவரை 30 சதவீதம்தான் வந்திருக்கிறது என்றால், அது பாதி வழியில் உள்ள எண்.

அடுத்து, யாருடைய பாயிண்ட் என்று பிரியுங்கள். திருவொற்றியூரில் பத்து டிரெய்லர் வைத்திருக்கும் உரிமையாளருக்கு எல்லாக் கார்டின் பாயிண்டும் ஒரே கணக்கில் சேரும். அவரிடம் கணக்குப் பார்க்க ஆள் இருக்கிறார், பாயிண்டை டீசலாக மாற்றிக்கொண்டே இருப்பார். ஒற்றை வண்டிக்காரர் அப்படியில்லை. வண்டியை விற்றிருப்பார், போன் நம்பரை மாற்றியிருப்பார், கார்டைத் தொலைத்திருப்பார். இந்த இருவருக்கும் ஒரே சராசரி போட்டால், வாடிக்கையாளர் கலவை மாறும் ஆண்டில் அது கவிழ்ந்துவிடும்.

## படி 4: ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள்

எடுத்துக்காட்டாக ஒரு நிறுவனம். ஆண்டு விற்பனை 100 கோடி ரூபாய். 100 ரூபாய்க்கு ஒரு பாயிண்ட், ஆக 1 கோடி பாயிண்ட். ஒரு பாயிண்டுக்கு 50 பைசா எரிபொருள். ஆண்டு முடிவதற்குள் 30 லட்சம் பாயிண்ட் பயன்பட்டுவிட்டது.

முடிந்த தொகுதிகளில் 65 சதவீதம் பயன்பட்டது என்று நிறுவனம் காட்டுகிறது. எண் உண்மைதான். ஆனால் அந்தத் தொகுதிகளில் பாதிப் பாயிண்ட் லாரி நிறுவனங்களுடையது, பாதி தனிநபர்களுடையது. லாரி நிறுவனங்கள் 95 சதவீதமும், தனிநபர்கள் 35 சதவீதமும் பயன்படுத்தியதால் சராசரி 65. இந்த ஆண்டு வழங்கியதில் முக்கால் பங்கு லாரி நிறுவனங்களுக்குப் போயிருக்கிறது. 95-இல் முக்காலும் 35-இல் காலும் சேர்த்தால் விகிதம் 80 சதவீதம்.

80 லட்சம் பாயிண்ட் பயன்படும் என்றால் அவற்றின் தனி விலை 40 லட்சம் ரூபாய். 100 கோடியை டீசலுக்கும் பாயிண்டுக்கும் விகிதப்படி பிரிக்க வேண்டும்:

```
100 கோடி × 40 லட்சம் ÷ (100 கோடி + 40 லட்சம்) = 39.84 லட்சம்
39.84 × 50 ÷ 80 = 24.90 லட்சம்
```

எதிர்பார்க்கும் 80 லட்சத்தில் 30 லட்சம் முடிந்துவிட்டதால் மீதி 50 லட்சத்துக்கு உரியது மட்டும் பொறுப்பாக நிற்கிறது. நிறுவனத்தின் 65 சதவீதத்தை வைத்து இதே கணக்கைப் போட்டால் ஒதுக்கீடு 32.39 லட்சம், மீதிப் பொறுப்பு 17.44 லட்சம். அதாவது பேலன்ஸ் ஷீட்டில் 7.46 லட்சம் ரூபாய் பொறுப்பு குறைவாக இருக்கிறது, வருமானம் அதே அளவு கூடுதலாக இருக்கிறது. ஒரு பில் கூடப் பொய்யில்லாமலே இந்தத் தவறு நடந்திருக்கிறது.

பின்வரும் ஆண்டுகளில் எதிர்பார்ப்பு மாறினால், முதலில் பிரித்த 39.84 லட்சத்தைத் தொடக் கூடாது. எதிர்பார்க்கும் மொத்தப் பாயிண்ட் எண்ணிக்கையை மட்டும் திருத்தி, அதுவரையிலான வருமானத்தைச் சரிசெய்ய வேண்டும்.

## படி 5: மதிப்பீட்டைச் சோதியுங்கள்

மதிப்பீடுகளைத் தணிக்கை செய்வதற்கான தரநிலை 540 கேட்கும் வேலை இது. முதலில், போன ஆண்டு நிறுவனம் சொன்ன விகிதம் இந்த ஆண்டு பலித்ததா என்று பாருங்கள். ஒவ்வோர் ஆண்டும் ஒரே பக்கம் சாய்ந்தால், அதுவும் லாபம் கூடும் பக்கமே சாய்ந்தால், காரணம் கேளுங்கள்.

இரண்டாவதாக, மார்ச் 31-க்குப் பின் ஏப்ரல், மே மாதங்களில் எவ்வளவு பயன்பட்டது என்று எடுங்கள். மூன்றாவதாக, திட்டத்தில் ஏதாவது மாறியதா என்று கேளுங்கள். 2020 ஊரடங்கின்போது விமான நிறுவனங்கள் மைல்களின் காலாவதியைத் தள்ளிப் போட்டன. அப்படிச் செய்தால் பழைய தொகுதிகளின் விகிதம் செல்லாது. பாயிண்டை செயலியிலேயே மாற்ற வசதி வந்தாலும் அப்படித்தான்: தனிநபர்களின் 35 சதவீதம் உயரத் தொடங்கும்.

கடைசியாக, விகிதம் 5 புள்ளி கூடினால் பொறுப்பு எவ்வளவு கூடும் என்று போட்டுப் பாருங்கள். அந்தத் தொகை உங்கள் முக்கியத்துவ வரம்பைத் தாண்டினால், இங்கே இன்னும் ஆதாரம் வேண்டும்.

## படி 6: கிஃப்ட் கார்டைத் தனியாகப் பாருங்கள்

ஒரு ஆலை தீபாவளிக்குத் தன் ஊழியர்களுக்காகப் பழைய வண்ணாரப்பேட்டை ஜவுளிக் கடை ஒன்றில் மொத்தமாகக் கிஃப்ட் கார்டு வாங்குகிறது என்று வையுங்கள். இங்கே விற்பனை இன்னும் நடக்கவே இல்லை. வாங்கிய பணம் முழுவதும் முன்பணம், அதாவது பொறுப்பு.

அச்சடித்த கார்டு பொறுப்பாகாது, பணம் வாங்கி இயக்கிய கார்டுதான் பொறுப்பு. ஆகவே இயக்கப்பட்ட கார்டுகளின் பட்டியலை வங்கி வரவோடு ஒப்பிடுங்கள். கார்டு விற்றபோது ஒரு முறையும் புடவை வாங்கியபோது மறுமுறையும் வருமானம் எழுதியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பில்லிங் மென்பொருளில் கார்டை ஒரு சரக்காகப் பதிந்திருந்தால் இது நடக்கும்.

பிரேக்கேஜை எதிர்பார்க்கப் போதிய வரலாறு இருந்தால், அதைப் பயன்பாட்டின் வேகத்திலேயே வருமானமாக எடுக்கலாம். 10 லட்சம் ரூபாய் கார்டு விற்று 4 சதவீதம், அதாவது 40,000 ரூபாய் வராது என்று எதிர்பார்க்கிறோம். இதுவரை 6 லட்சத்துக்குத் துணி வாங்கியிருக்கிறார்கள்:

```
40,000 × 6.0 ÷ 9.6 = 25,000
வருமானம் 6,25,000; பொறுப்பு 3,75,000
```

வரலாறு இல்லாத புதுக் கடைக்கு இந்தச் சலுகை கிடையாது. வாடிக்கையாளர் திரும்பி வரும் வாய்ப்பு மிக அரிதாகும் வரை முழுத் தொகையும் பொறுப்பாகவே நிற்க வேண்டும். பயன்படாமல் போன தொகைக்கு ஜிஎஸ்டி இல்லை என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2024 டிசம்பர் 31 சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியிருக்கிறது.

## படி 7: வேலைத்தாளில் எழுத வேண்டியது

வாடிக்கையாளர் வகை வாரியாக விகிதம், அது எந்த முடிந்த தொகுதியிலிருந்து வந்தது, இந்த ஆண்டுக் கலவை என்ன, உங்கள் எண்ணுக்கும் நிறுவனத்தின் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம், அதற்கு நிர்வாகம் சொன்ன காரணம் ஆகியவற்றை எழுதுங்கள். ‘கடந்தகால அனுபவப்படி’ என்று மட்டும் நிர்வாகம் பதில் சொன்னால், யாருடைய அனுபவம், எந்த ஆண்டு அனுபவம் என்று திருப்பிக் கேளுங்கள். பத்து டிரெய்லர்காரரின் பாயிண்டை ஒற்றை வண்டிக்காரரின் மறதியால் கழிக்க முடியாது.